வெயிலில் தளம் போடுவது: கான்கிரீட் காய்வதில்லை, இறுகுகிறது

போன ஆடியில் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் ஒரு வீட்டுத் தளத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். காலை 9 மணிக்குப் பூஜை போட்டு ஆரம்பித்த கான்கிரீட், மணி மதியம் 3 ஆகியிருந்தது. முதலில் போட்டு முடித்த மூலையில் குனிந்து பார்த்தால் முழ நீளத்துக்குச் சாய்வாகக் கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, ஓரம் வரை ஓடாமல் நடுவிலேயே நின்றுபோன கோடுகள். ஒரு கோட்டில் நகத்தை வைத்தேன், நகம் உள்ளே இறங்கியது. பக்கத்தில் வந்த மேஸ்திரி சந்தோஷமாகச் சொன்னார்: "வெயிலு நல்லா அடிச்சுச்சு சார், சீக்கிரம் காஞ்சு இறுகிருச்சு."

அவர் கெட்ட வேலைக்காரர் இல்லை. அவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் சிக்கல் இருக்கிறது. கான்கிரீட் காய்ந்துதான் இறுகுகிறது என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். அப்படி நினைத்தால் வெயிலும் காற்றும் நமக்கு உதவி செய்கிற மாதிரி தெரியும். உண்மையில் அவை இரண்டும் தளத்தைக் கெடுக்கின்றன.

கருவாடும் முட்டையும்

கருவாடு எப்படிக் கெட்டியாகிறது? மீனில் இருந்து தண்ணீர் வெளியே போகிறது, மிச்சம் விறைக்கிறது. வெயில் எவ்வளவு அடித்தாலும் நல்லது. முட்டை எப்படிக் கெட்டியாகிறது? கொதிக்கிற தண்ணீருக்குள் முழுகிக் கிடந்துகொண்டே கெட்டியாகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே போக வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் பொருளே வேறு பொருளாக மாறிவிடுகிறது.

கான்கிரீட் முட்டை சாதி. சிமெண்ட் தண்ணீரோடு வேதிவினை செய்து புதிய பொருளாக மாறுகிறது, அந்தப் பொருள்தான் ஜல்லியையும் மணலையும் பிடித்து நிறுத்துகிறது. இதற்கு ஹைட்ரேஷன் என்று பெயர், தமிழில் நீரேற்றம். தண்ணீர் இருக்கும் வரைதான் இது நடக்கும். தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால் மேல் பக்கத்தில் இருக்கும் சிமெண்ட் பாதி வினையோடு நின்றுவிடும். காலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிற தளங்களைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான்.

சூடு இன்னொரு வேலையும் செய்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வினையின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். வேகம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அவசரமாக உருவாகும் பொருள் சிமெண்ட் துகளைச் சுற்றியே ஓடு மாதிரி படிந்துவிடுகிறது, தண்ணீர் அந்த ஓட்டைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம். அதனால் சூட்டில் போட்ட கான்கிரீட் முதல் இரண்டு மூன்று நாள் பலமாகத் தெரியும், 28 நாள் கழித்துப் பார்த்தால் அதே கலவையை நிதானமான சூட்டில் போட்டதைவிடக் குறைவாக நிற்கும்.

இதுவரை சொன்னது: கான்கிரீட்டுக்குத் தண்ணீர் உள்ளே இருக்க வேண்டும், சூடு அளவோடு இருக்க வேண்டும்.

கண்மாய் வெடிப்பு ஏன் தளத்தில் வருகிறது

சித்திரையில் வற்றின கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் மண் காய்ந்து சுருங்குகிறது, அடி மண் ஈரமாக இருப்பதால் சுருங்க மறுக்கிறது, இழுவை தாங்காமல் மேல்பரப்பு பிளக்கிறது. தளத்திலும் இதேதான், ஆனால் கண்மாய்க்கு வாரக்கணக்கில் ஆவது இங்கே இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடும்.

கான்கிரீட் போட்டு மட்டம் பார்த்ததும் ஜல்லியும் மணலும் மெல்லக் கீழே அமர, தெளிந்த தண்ணீர் மேலே வரும், ஆறின கஞ்சியில் மேலே தெளிநீர் நிற்குமே அது மாதிரி. இதற்கு பிளீடிங் என்று பெயர். இந்தத் தண்ணீர் மேலே ஏறும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் அதிகமானால் பளபளப்பு போய்ப் பரப்பு மங்கும். மங்கின கொஞ்ச நேரத்தில் விரிசல் வரும். இன்னும் இறுகாத கான்கிரீட்டில் வரும் இந்த விரிசலை பிளாஸ்டிக் சுருக்க விரிசல் என்கிறோம். நான் பார்த்த கோடுகள் அவைதான்.

இங்கே நம் கடற்கரைக்கென்று ஒரு தனிக் கதை இருக்கிறது. வெயில் காலக் கான்கிரீட்டுக்கான இந்திய விதிமுறை ஐ.எஸ். 7861, காற்றின் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போவதையும் போடும்போது கான்கிரீட்டின் சூடு 40-ஐத் தாண்டுவதையும் கணக்கில் வைத்துப் பேசுகிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் நமக்குப் பல நாள் 35, 36 டிகிரியோடு நின்றுவிடும், உடனே "நம்ம ஊருக்கு இதெல்லாம் வேண்டாம், மதுரைக்காரங்க பார்க்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நம்மிடம் இருப்பது காற்று. ஆடியில் அடிக்கிற காற்றில் நிற்கவே முடியாது.

கணக்காகப் பார்க்கலாம். காற்றின் வெப்பம் 35 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம், கான்கிரீட்டின் சூடு 36 டிகிரி, காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரப்படி ஒரு சதுர மீட்டரில் இருந்து மணிக்கு சுமார் ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாகும். ஒரு கிலோவை நெருங்கினாலே விரிசலுக்கு எதிராக ஏற்பாடு வேண்டும் என்பது பொதுவான எல்லை. 24 அடிக்கு 30 அடி தளம் என்றால் சுமார் 67 சதுர மீட்டர், அதாவது மணிக்கு 100 லிட்டர், ஆறேழு குடம் தண்ணீர் நம் கண் முன்னாலேயே பறந்து போகிறது. இப்போது வேறு எதையும் மாற்றாமல் தட்டி கட்டிக் காற்றை மட்டும் 5 கிலோமீட்டராகக் குறைத்தால் அதே கணக்கு அரைக் கிலோவுக்குக் கீழே இறங்குகிறது. வெயில் அதே வெயில்தான், காற்றுதான் குறைந்தது.

மெத்தட் ஸ்டேட்மெண்ட் என்றால் என்ன

இப்படித் தட்டி கட்டுவது மாதிரியான ஏற்பாட்டையெல்லாம் முன்பே யோசித்து எழுதி வைக்க வேண்டும். கல்யாண வீட்டுப் பண்டாரியைப் பாருங்கள். எந்தச் சட்டி எந்த அடுப்பில், எத்தனை மணிக்கு அரிசி ஊற வேண்டும், தம் போட்ட பிறகு யார் திறக்கலாம், எல்லாம் முந்தின நாளே அவர் தலையில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதினால் அதுதான் மெத்தட் ஸ்டேட்மெண்ட்: ஒரு வேலையை எந்த வரிசையில், எதைக் கொண்டு, எந்த அளவுக்குள், யார் பொறுப்பில் செய்வது, அளவு மீறினால் என்ன செய்வது என்று வேலைக்கு முன்பே எழுதி எல்லோரும் ஒத்துக்கொண்ட செயல்முறைத் தாள். பில்லோடு சேர்த்துக் கொடுக்கிற காகிதம் என்று பலர் நினைக்கிறார்கள். வேறு ஊரில் வேறு வேலைக்கு எழுதியதைப் பெயர் மாற்றி ஒட்டுவதும் நடக்கிறது. அப்படி ஒட்டின தாளில் நம் ஊர்க் காற்று இருக்காது.

இனி அதே 24க்கு 30 தளத்துக்கு ஒரு தாள் எழுதிப் பார்ப்போம். கனம் 5 அங்குலம், பீம்களையும் சேர்த்து சுமார் 10 கன மீட்டர் கான்கிரீட். கடற்கரைச் சூழலில் வெளியே நிற்கும் கான்கிரீட் என்பதால் எம்30 தரம், தண்ணீர் சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் கூடாது. ஒரு கன மீட்டருக்கு 380 கிலோ சிமெண்ட் வரும் கலவை என்றால் மொத்தம் 76 மூட்டை. ஒரு மூட்டை மிக்சரில் மணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கலவை வரும், ஆக ஆறு மணி நேர வேலை.

எப்போது ஆரம்பிப்பது

என் முடிவு மாலை 5 மணி. விடியற்காலை நல்லது என்பார்கள், பொருள்கள் குளிர்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் விடியலில் ஆரம்பித்து 10, 11 மணிக்கு முடித்தால் கான்கிரீட் இறுகாமல் கிடக்கும் அந்த நாலைந்து மணி நேரம் சரியாக உச்சி வெயிலிலும் கடல் காற்றிலும் மாட்டும். மாலையில் ஆரம்பித்தால் அந்த நேரம் இரவில் போய்விடுகிறது. இதற்கு விலை உண்டு: நல்ல விளக்கு வேண்டும், இரவுக்கூலி வேண்டும், பகல் முழுக்கப் பொருள்களை நிழலில் காக்க வேண்டும்.

பொருள்களின் சூடு

கான்கிரீட்டின் சூடு, அதில் சேர்க்கிற பொருள்களின் சூட்டைப் பொறுத்தது. எடையில் பெரும்பங்கு ஜல்லியும் மணலும். வெயிலில் கிடந்த ஜல்லி 42 டிகிரி, சிமெண்ட் 50, தொட்டித் தண்ணீர் 34 என்று வைத்தால் கலவை 41 டிகிரியில் வரும். ஜல்லிக்கும் மணலுக்கும் மேலே கீற்றுப் பந்தல் போட்டு, ஜல்லி மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து 34-க்குக் கொண்டுவந்தால் கலவை 36 டிகிரி. ஒரு பந்தலுக்கு 5 டிகிரி லாபம்.

அதற்கும் கீழே போக வேண்டுமானால் ஐஸ். மீன்பிடி ஊர்களில் ஐஸ் கம்பெனிக்குப் பஞ்சமில்லை, நொறுக்கின ஐஸ் எளிதாகக் கிடைக்கும். ஒரு மூட்டைக்கு உள்ள இருபத்திரண்டரை லிட்டர் தண்ணீரில் 5 லிட்டரைக் குறைத்து, அதற்குப் பதில் 5 கிலோ நொறுக்கின ஐஸ் போட்டால் கணக்குப்படி கலவை 30 டிகிரிக்குப் பக்கம் வந்துவிடும், ஐஸ் உருகும்போது அவ்வளவு சூட்டை உறிஞ்சுகிறது. இரண்டு விஷயத்தில் கவனம். ஐஸும் தண்ணீர்தான், அதையும் எடை போட வேண்டும். அப்புறம், மிக்சரை விட்டு வெளியே வரும்போது ஒரு துண்டு ஐஸ்கூட உருகாமல் இருக்கக் கூடாது, இருந்தால் தளத்துக்குள் உருகி ஓட்டையாகும். மீன் பெட்டியில் கிடந்த ஐஸை எடுத்து வந்துவிடாதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

உப்பு என்றதும் தண்ணீரைச் சொல்ல வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைதான் குளோரைடு இருக்கலாம் என்கிறது ஐ.எஸ். 456. நம் கடலோர போர்வெல் பல இடங்களில் இதைத் தாண்டிவிடும். நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

போடும் வரிசை

வெயில் காலத்தில் இன்னொரு ஆபத்து, முதலில் போட்டது இறுகின பிறகு பக்கத்தில் புதியது வந்து சேர்வது. பழைய தோசை மேல் புது மாவு ஊற்றின மாதிரி இரண்டும் ஒட்டாது. இந்த ஒட்டாத கோட்டுக்கு கோல்டு ஜாயிண்ட் என்று பெயர், மழைக்காலத்தில் ஒழுகுவது பெரும்பாலும் இங்கேதான்.

அதனால் தளத்தின் 30 அடி நீளத்தை 3 அடி அகலப் பட்டைகளாக, பத்துப் பட்டையாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு பட்டைக்கு சுமார் ஒரு கன மீட்டர், ஏழெட்டு மூட்டை, 36 நிமிடம். கான்கிரீட்டை மேலே ஏற்றுகிற லிஃப்டுக்குத் தூரமான ஓரத்தில் ஆரம்பித்து லிஃப்டை நோக்கிப் பின்வாங்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் பீம் குழியை முதலில் நிரப்பி வைப்ரேட்டர் விட்டு, அப்புறம் தளம். அடுத்த பட்டையை எப்போதும் போன பட்டை ஆரம்பித்த அதே முனையில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், அப்படிச் செய்தால் எந்த இடமும் பக்கத்துக் கான்கிரீட்டுக்காக 36 நிமிடத்துக்கு மேல் காத்திருக்காது. கொட்டுவதற்குச் சற்று முன் சென்ட்ரிங்கையும் கம்பியையும் தண்ணீர் தெளித்துக் குளிர வையுங்கள், ஆனால் எங்கும் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

கோல்டு ஜாயிண்ட் விழுந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஓடிக்கொண்டிருக்கும் வைப்ரேட்டர் ஊசியைப் பழைய பட்டையின் ஓரத்தில் வையுங்கள். தன் கனத்திலேயே இறங்கி, எடுத்ததும் குழி தானாக மூடினால் இன்னும் உயிர் இருக்கிறது. இறங்காமல் நின்றாலோ குழி அப்படியே இருந்தாலோ நேரம் கடந்துவிட்டது. மிக்சர் நின்றுபோனால் கான்கிரீட்டைச் சரிவாக விட்டுவிடாமல், எந்த இடத்தில் கட்டை வைத்து நேராக நிறுத்துவது என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டு முன்பே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். மாற்று வைப்ரேட்டர் ஒன்று கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

இதுவரை சொன்னது: மாலையில் ஆரம்பி, பொருளைக் குளிரவை, பட்டை பட்டையாகப் போடு.

அந்த 5 லிட்டர்

சூட்டில் கலவை சீக்கிரம் கெட்டிப்படும். சட்டி தூக்குகிறவர்கள் "வரவே மாட்டேங்குது, கொஞ்சம் தண்ணி விடுண்ணே" என்பார்கள், மிக்சர்காரர் ஒரு வாளி ஊற்றுவார். அந்த வாளியில் 5 லிட்டர் என்று வையுங்கள்: 22.5 லிட்டர் 27.5 ஆகிறது, விகிதம் 0.45-இலிருந்து 0.55-க்குப் போய்விடுகிறது. எம்30 என்று எழுதிப் போட்டது அந்த ஒரு வாளியில் எம்30 இல்லாமல் ஆகிறது. பலம் குறைவது மட்டுமில்லை, கூடுதல் தண்ணீர் பிறகு வெளியேறின வழிகள் நுண்துளையாக நிற்கும், அந்தத் துளை வழியாகத்தான் உப்புக்காற்று கம்பியைத் தேடி வரும்.

இதற்குச் சரியான வழி, இறுகுவதைத் தாமதப்படுத்தும் பிளாஸ்டிசைசர். தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்குகிற திரவம் இது. எவ்வளவு சேர்ப்பது என்பதை அதே சிமெண்ட், அதே எம்-சாண்டில் ஒரு வாரத்துக்கு முன்பே கலந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். தாளில் நான் எழுதும் வரி இது: மிக்சர் தொட்டியைத் தவிர வேறு எங்கும் தண்ணீர் சேர்க்கக் கூடாது, மிக்சரிலும் அளவு குடுவையால் மட்டும். ஜல்லியில் தெளித்த தண்ணீரும் மணலின் ஈரமும் இந்தக் கணக்கில் கழிய வேண்டும்.

முதல் இரவும் அடுத்த 14 நாளும்

தளத்தைச் சுற்றி, காற்று வரும் பக்கம் கட்டாயமாக, ஓர் ஆள் உயரத்துக்குக் கீற்றுத் தட்டியோ பனை ஓலைப் பாயோ முந்தின நாளே கட்டியிருக்க வேண்டும். ஒரு பட்டை மட்டம் பார்த்து முடிந்ததும் அடுத்ததற்கு ஓடுவதற்கு முன் அதன் மேல் பாலித்தீன் தாளை விரித்து ஓரத்தில் கட்டை வைத்துவிடுங்கள். பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்த மணியாஸ் கட்டை போடும்போது மட்டும் தாளை விலக்கி, போட்டதும் மறுபடி மூட வேண்டும். அப்படியும் கோடு தெரிந்தால், கான்கிரீட் இன்னும் இளக்கமாக இருக்கும்போதே கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். இறுகின பிறகு சிமெண்ட் பால் ஊற்றுவது விரிசலை நம் கண்ணுக்கு மறைக்கும், உப்புக்கு மறைக்காது. அன்றைக்கு அந்த வீட்டில் நாங்கள் பார்த்தபோது மூலை இறுகிவிட்டது.

பெருவிரலால் அழுத்தினால் தடம் விழாத நிலை வந்ததும் நனைத்த சணல் சாக்கு. மறுநாள் காலையில் பாத்தி கட்டி ஓர் அங்குலத் தண்ணீர். இப்படி ஈரத்தைக் காப்பதுதான் கியூரிங். பிபிசி சிமெண்ட், அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் விதிமுறை குறைந்தது 10 நாள் கேட்கிறது, 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்கிறது. நம் காற்றுக்கு நான் 14-ஐத்தான் எழுதுவேன்.

இங்கேதான் காசு இடிக்கும். பாத்தி நிரப்ப மட்டும் சுமார் 1,700 லிட்டர், அப்புறம் ஆவியாவதை ஈடுகட்ட வெயில் நாளில் தினம் 400, 500 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை, அதனால்தான் கலவைக்கு நல்ல தண்ணீரும் கியூரிங்குக்கு உப்பு போர்வெல்லும் என்று போய்விடுகிறார்கள். அந்த உப்பு இளம் கான்கிரீட்டுக்குள் இறங்கும். அவ்வளவு தண்ணீர் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் நனைத்த சாக்கின் மேல் பாலித்தீன் தாள் போட்டு மூடுங்கள், நல்ல தண்ணீரே கொஞ்சமாகப் போதும். நனைப்பதும் காய்வதுமாக மாறி மாறி விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

எதை அளந்து எழுதுவது

மிக்சர் பக்கத்தில் ஒரு நோட்டு, ஒரு கம்பி வெப்பமானி, ஒரு ஸ்லம்ப் கூம்பு. ஸ்லம்ப் என்பது ஓர் அடி உயரக் கூம்பில் கான்கிரீட்டை நிரப்பிக் கூம்பைத் தூக்கினால் அது எவ்வளவு அமர்கிறது என்ற அளவு, இளக்கத்தைச் சொல்லும். மணிக்கு ஒரு முறை நேரம், கலவைச் சூடு, ஸ்லம்ப் மூன்றையும் எழுதினால் போதும். சூடு 36-ஐத் தாண்டினால் ஐஸைக் கூட்டி, அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். 40 என்றால் மிக்சரை நிறுத்த வேண்டும், நிறுத்தச் சொல்கிறவர் பெயர் தாளில் இருக்க வேண்டும். ஸ்லம்ப் திடீரென்று ஏறினால் யாரோ வாளியைத் தூக்கியிருக்கிறார்கள்.

கியூப் என்பது 15 சென்டிமீட்டர் அச்சில் வார்த்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் கட்டி. 10 கன மீட்டருக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று, ஆக ஆறு கட்டி. வார்த்ததும் நிழலில் ஈரச் சாக்கு மூடி வைத்து, மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். கியூப் பாஸ் ஆனதால் தளமும் பாஸ் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 28 நாளும் தண்ணீரில் கிடந்த கட்டி, மிக்சரில் இருந்து வந்த கலவை நல்ல கலவை என்று மட்டும்தான் சொல்லும். மாடியில் வெயிலில் கிடந்த தளத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தனியாக ஒரு பக்கம் வேண்டும்: 14 கட்டம், ஒவ்வொன்றிலும் காலை, மாலை பாத்தியில் தண்ணீர் எத்தனை விரல் நின்றது, பார்த்தவர் கையெழுத்து. அந்தப் பக்கத்தை நான் மாடிப்படிச் சுவரில் ஒட்டிவிடுவேன், வீட்டுக்காரர் ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணில் படட்டும் என்று.